மஞ்சள் குழாயில் கறுப்புப் பட்டை: ஒரு கேஸ் ரூம் படத்தை வாசித்த விதம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை. அங்கே புதிதாக ஏசிக்குச் செப்புக் குழாய் இழுக்கும் வேலை. செப்பைத் தீயில் சூடாக்கி ஒட்டும் பிரேசிங் வேலையின்போது குழாய்க்குள் நைட்ரஜன் மெல்ல ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சூட்டில் உட்சுவர் முழுக்கக் கறுப்பு ஆக்சைடு படியும். பிற்பாடு அது செதில்செதிலாக உதிர்ந்து ஃபில்டரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் அடைக்கும். பட்டறையில் ஏற்கெனவே நைட்ரஜன் லைன் ஓடுவதால் தனியாக சிலிண்டர் கொண்டுவரத் தேவையில்லை என்று முடிவானது. என்ன கனெக்டர் வாங்கிவர வேண்டும் என்று தெரிவதற்காக, பராமரிப்பு சூப்பர்வைசர் கேஸ் ரூமைப் படமெடுத்து மாலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடவே ஒரே ஒரு வரி: "மஞ்சள் லைன்ல எடுத்துக்கங்க."

படத்தில் மஞ்சள் லைன் இரண்டு இருந்தன. ஒன்றில் வெள்ளைப் பட்டை, இன்னொன்றில் கறுப்புப் பட்டை.

ஏசி மெக்கானிக் போட்ட பதில் இது: "சார், ஆக்சிஜன் சிலிண்டர்தானே கறுப்பு? அப்போ கறுப்புப் பட்டை போட்டது ஆக்சிஜன் லைன். வெள்ளைப் பட்டை இருக்கிறதுல நான் கனெக்ஷன் எடுத்துக்கறேன்."

அவர் சொன்ன முதல் வாக்கியம் முழுக்கச் சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு நேர்மாறாகத் தவறு. அதுவும் தவறக்கூடாத பக்கத்தில் தவறு. ஆக்சிஜன் கட்டிங் டார்ச்சுக்குப் போக வேண்டிய இடத்தில் நைட்ரஜன் போனால் டார்ச் அணையும், வேலை நிற்கும், அவ்வளவுதான். நைட்ரஜன் வேண்டிய செப்புக் குழாயில் ஆக்சிஜன் போனால் கதை வேறு. கம்ப்ரெசர் எண்ணெய் படிந்த குழாயில் அழுத்தத்தோடு ஆக்சிஜன் சேர்ந்தால், பொறிகூட இல்லாமல் எண்ணெய் பற்றி வெடிக்கலாம். இங்கே கூடுதலாகப் பிரேசிங் தீயும் வெளியே எரிந்துகொண்டிருக்கும். கசிவுச் சோதனைக்கு ஆக்சிஜனைத் தொடவே கூடாது என்று குளிர்சாதனத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

ஒரே நிறம், இரண்டு அகராதி

குழப்பத்தின் வேர் இங்கே இருக்கிறது. நம் நாட்டில் குழாய்க்கு ஒரு நிறத் தரநிலை, சிலிண்டருக்கு வேறொரு நிறத் தரநிலை. குழாய்க்கு ஐ.எஸ். 2379. தொழில்துறை சிலிண்டருக்கு ஐ.எஸ். 4379. மருத்துவ சிலிண்டருக்கு ஐ.எஸ். 3933. இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி எழுதப்பட்டவை அல்ல.

சிலிண்டரில் உடல் முழுக்கக் கறுப்பு என்றால் தொழில்துறை ஆக்சிஜன். உடல் கறுப்பாக இருந்து தோள் வெள்ளையாக இருந்தால் மருத்துவ ஆக்சிஜன். உடல் சாம்பலாகவும் கழுத்து கறுப்பாகவும் இருந்தால் நைட்ரஜன். மயில்நீலம் ஆர்கான். மெரூன் அசிட்டிலின், பட்டறைப் பேச்சில் டிஏ. சிவப்பு ஹைட்ரஜன்.

குழாயில் முதலில் பார்க்க வேண்டியது அடிநிறம். அது உள்ளே ஓடும் பொருளின் குடும்பத்தைச் சொல்லும். கடல்பச்சை தண்ணீர், வெள்ளி சாம்பல் நீராவி, இளம் பழுப்பு எண்ணெய் வகை, அடர் ஊதா அமிலமும் காரமும், வான்நீலம் காற்று, கேனரி மஞ்சள் வாயுக்கள். அந்தக் குடும்பத்தில் எது என்பதை அடிநிறத்தின் மேல் வரும் பட்டை சொல்லும். மஞ்சளில் வெள்ளைப் பட்டை ஆக்சிஜன். மஞ்சளில் கறுப்புப் பட்டை நைட்ரஜன்.

ஆக, ஒரே அறையில், ஒரே படத்தில், சிலிண்டரின் கறுப்பு ஆக்சிஜனைச் சொல்கிறது. அதற்கு இரண்டடி மேலே ஓடும் குழாயில் அதே கறுப்பு நைட்ரஜனைச் சொல்கிறது. மெக்கானிக் சிலிண்டர் அகராதியை எடுத்துக்கொண்டு குழாயை வாசித்துவிட்டார். பல வருஷம் சிலிண்டரோடு மட்டும் பழகியவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கும், ஏனென்றால் கறுப்பு என்றதும் அவர்கள் மனதில் வருவது ஆக்சிஜன் மட்டும்தான். படத்தைப் பார்க்கிறவர் நிறத்தைக் கவனிக்கும் முன்பே "இது குழாயா, சிலிண்டரா, ஹோஸா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டால் இந்தத் தவறு பாதி குறையும். ஹோஸுக்கும் தனி வழக்கம் உண்டு: ஐ.எஸ்.ஓ. 3821 முறைப்படி ஆக்சிஜன் ஹோஸ் நீலம், அசிட்டிலின் ஹோஸ் சிவப்பு, நைட்ரஜன், ஆர்கான் போன்றவற்றுக்குக் கறுப்பு.

அந்தப் படத்தில் உண்மையில் என்ன தெரிந்தது

அகராதி சரியாக இருந்தாலும், படத்தில் இருப்பது பட்டைதானா என்பது அடுத்த கேள்வி. அனுப்பிய படம் ஏறக்குறைய 4.8 மீட்டர் அகலச் சுவரைக் காட்டியது. வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளிகளாகச் சுருங்கிவிடும். 4800 மில்லிமீட்டரை 1600 ஆல் வகுத்தால், படத்தின் ஒரு புள்ளி சுவரில் 3 மில்லிமீட்டர். அங்கே ஓடிய குழாய்கள் ஒரு அங்குல அளவு, வெளிவிட்டம் சுமார் 34 மில்லிமீட்டர். படத்தில் குழாயின் தடிமன் 11 புள்ளி. ஐ.எஸ். 2379 படி 80 மில்லிமீட்டர் வரையுள்ள குழாய்க்குப் பட்டையின் குறைந்தபட்ச அகலம் 25 மில்லிமீட்டர். படத்தில் அது 8 புள்ளி.

எட்டுப் புள்ளி போதாதா என்று தோன்றும். வெளிச்ச வித்தியாசத்துக்குப் போதும், நிறத்துக்குப் போதாது. ஜேபெக் படம் சுருக்கப்படும்போது வெளிச்ச விவரம் முழுதாக இருக்கும். நிற விவரம் மட்டும் பெரும்பாலும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைக்கப்படும். எட்டுப் புள்ளிப் பட்டைக்கு நான்கு நிற மாதிரிகள்தான் மிஞ்சும். அதிலும் ஓரத்தில் இருக்கும் இரண்டில் பக்கத்து மஞ்சள் கசிந்திருக்கும். இதனால்தான் சுருங்கிய படங்களில் வெள்ளைப் பட்டை பால்மஞ்சளாகவும், சிவப்புப் பட்டை பழுப்பாகவும் தெரிகிறது. எழுத்துக்கு நிலைமை இன்னும் மோசம். 12 மில்லிமீட்டர் உயர எழுத்து 4 புள்ளியில் வெறும் கறையாகத்தான் தெரியும்.

இதே படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாகுமென்ட்டாக அனுப்பினால் சுருங்காது. பன்னிரண்டு மெகாபிக்சல் போனில் நீளப் பக்கம் 4000 புள்ளி, அதாவது புள்ளிக்கு 1.2 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் பட்டை 21 புள்ளியாக விரியும், எழுத்து 10 புள்ளியாகும். வாசிக்க முடிகிற எல்லை கிட்டத்தட்ட அதுதான்.

வெளிச்சமும் கெடுத்திருந்தது. அறைக்குள் டியூப்லைட், கதவு வழியே மாலை வெயில். போன் ஒரு நேரத்தில் ஒரு வெளிச்சத்துக்குத்தான் வெள்ளையைச் சமன் செய்யும். அதனால் ஒரே குழாய் கதவுப் பக்கம் ஆரஞ்சு மஞ்சளாகவும் உள்பக்கம் பச்சை மஞ்சளாகவும் தெரிந்தது. பார்க்கிறவர் இரண்டு வேறு அடிநிறங்கள் என்றே நினைப்பார். குழாயைக் கண்ணால் பின்தொடர்ந்து, நிறம் மாறும் இடத்தில் ஃபிளாஞ்சோ வால்வோ இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பெயின்ட் மாறுவது ஏதாவது ஒரு இணைப்பில், கூர்மையான கோட்டில் நடக்கும். வெளிச்சம் மாறுவது நடுக்குழாயில், சிறிது சிறிதாக நடக்கும்.

மறுபடி எடுத்த படங்கள்

சூப்பர்வைசரிடம் நாலு படம் கேட்கப்பட்டது. எல்லாம் டாகுமென்ட்டாக. ஒன்று, முழுச் சுவர். இரண்டு, பட்டை இருக்கும் இடம் ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து, ஒரு வெள்ளை ஏ4 தாளைக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்து. மூன்று, ஒவ்வொரு சிலிண்டரின் தோளும் கழுத்தும், அதே தாளைப் பக்கத்தில் பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல், சற்றுச் சாய்வாக. நான்கு, சிலிண்டரிலிருந்து மேலே போகும் வளைகுழாய்கள் ஒவ்வொன்றும் எங்கே சேர்கின்றன என்று தெரியும்படி. எதையும் நகர்த்தவோ துடைக்கவோ வேண்டாம் என்றும் சொல்லப்பட்டது. துடைக்கப் போகிறவர் கையில் கிரீஸ் துணி இருந்தால், ஆக்சிஜன் வால்வுப் பக்கத்தில் அதுவே ஆபத்து.

வெள்ளைத் தாள் எதற்கு என்றால், முக்கியமாக மூன்றாவது சிலிண்டருக்காக. முதல் படத்தில் அது நீலச்சாம்பலாகத் தெரிந்தது. டியூப்லைட்டில் சாம்பலும் நீலமடிக்கும், வெயிலில் வெளுத்த மயில்நீலமும் சாம்பலடிக்கும். நைட்ரஜனா ஆர்கானா என்று கண்ணால் சொல்ல வழியில்லை. போனில் உள்ள ஏதாவது ஒரு எடிட்டிங் செயலியில் நிறம் தொட்டெடுக்கும் வசதி இருக்கும். தாளைத் தொட்டபோது சிவப்பு 200, பச்சை 215, நீலம் 235 என்று வந்தது. தாள் உண்மையில் வெள்ளை, ஆகவே அந்த நீலச்சாய்வு வெளிச்சத்துடையது. இரண்டாவது சிலிண்டரைத் தொட்டபோது 110, 118, 129. தாளின் எண்களால் வகுத்தால் மூன்றும் 0.55 அருகே நிற்கின்றன. நிறமே இல்லாத சுத்தச் சாம்பல். மூன்றாவதைத் தொட்டபோது 60, 112, 150. வகுத்தால் 0.30, 0.52, 0.64. வெளிச்சத்தைக் கழித்த பிறகும் சிவப்பு பாதிதான் இருக்கிறது. இது சாம்பல் இல்லை, நீலப்பச்சை. மயில்நீலத்தின் பக்கம்.

இந்தக் கணக்கு மாயம் இல்லை. தாளும் சிலிண்டரும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் பொருந்தும். நிழலில் உள்ள சிலிண்டருக்கு வெயிலில் உள்ள தாளை வைத்து வகுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

சிலிண்டர்கள், இடமிருந்து வலமாக

முதலாவது கறுப்பு உடல். முதல் படத்தில் தோள் வெள்ளையாக மின்னியது. அது உண்மையாகவே வெள்ளைப் பெயின்ட் என்றால் பட்டறையில் மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கிறது என்று பொருள், அது தனி விசாரணை. சாய்வாக எடுத்த படத்தில் விஷயம் தெளிவானது. பெயின்ட் என்றால் அதன் விளிம்பு சிலிண்டரைச் சுற்றி வளையமாக, ஒரே உயரத்தில் போகும். இங்கே தெரிந்தது நீளமான வெள்ளைக் கோடு, டியூப்லைட்டின் வடிவம், தோளின் வளைவில் நெளிந்து கிடந்தது. அதே கோடு, அதே பக்கத்தில், அடுத்த இரண்டு சிலிண்டர்களின் தோளிலும் இருந்தது. ஆகவே அது பிரதிபலிப்பு. சிலிண்டர் தொழில்துறை ஆக்சிஜன்.

அந்த சிலிண்டரின் அடிப்பக்கம் பெயின்ட் உரிந்த இடத்தில், கறுப்புக்குக் கீழே சாம்பல் அடுக்கு தெரிந்தது. இதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை, ஆனால் குறித்துக்கொள்ள வேண்டும். 2021 தொற்றுக்காலத்தில் ஆக்சிஜன் தட்டுப்பாடு வந்தபோது, நைட்ரஜன், ஆர்கான் போன்ற மந்தவாயு சிலிண்டர்களைச் சுத்தம் செய்து ஆக்சிஜனுக்கு மாற்ற அனுமதி தரப்பட்டது. அடுக்கு நிறங்கள் உள்ள சிலிண்டர்கள் அதற்கு முன்பும் உண்டு. கணக்கில் வருவது மேலடுக்கு. கீழடுக்கு பழைய வரலாறு.

இரண்டாவது சாம்பல். கழுத்தில் கறுப்பு இருக்கிறதா என்பதுதான் இங்கே முழு விஷயமும். கறுப்பு இல்லாத வெறும் சாம்பல் என்றால் அழுத்தக் காற்று என்ற வாய்ப்பு உண்டு. முதல் படத்தில் கழுத்து இருட்டாகத் தெரிந்தது, அது பெயின்டா நிழலா என்று சொல்ல முடியவில்லை. நெருங்கி எடுத்த படத்தில் கறுப்பின் கீழ்விளிம்பு ஒரே உயரத்தில் வட்டமாக ஓடியது, வெளிச்சம் நேராக விழுந்த பக்கத்திலும் கறுப்பாகவே இருந்தது. நிழல் அப்படி இருக்காது. நைட்ரஜன்.

மூன்றாவது, எண் கணக்கில் சொன்னபடி, மயில்நீலம், ஆர்கான். நான்காவது மெரூன். அது மற்றவற்றைவிடக் குட்டை, பருமன், தனியாகச் சங்கிலி போட்டு நின்றது. மெரூனும் சிவப்பு ஆக்சைடு பிரைமரும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பாமல் ரெகுலேட்டரைப் பார்க்கலாம். அசிட்டிலின் சிலிண்டரில் அழுத்தம் சாதாரணமாக சதுர சென்டிமீட்டருக்கு 15 கிலோ அளவில்தான் இருக்கும், அதன் உயரழுத்த கேஜ் 40 வரை மட்டும் இருக்கும். ஆக்சிஜன் முழுதாக நிரம்பினால் 150 கிலோ, அதன் கேஜ் 250, 300 வரை போகும். ரெகுலேட்டர் நட்டில் விளிம்பில் வெட்டுக் குறி இருந்தால் இடப்பக்க மரை, எரியும் வாயு. கார்பன் டை ஆக்சைடு ரெகுலேட்டரில் சூடேற்ற மின்கம்பி தொங்கும். நிறம் சந்தேகமாக இருக்கும்போது இவைதான் கைகொடுக்கும்.

மரை பொருந்துகிறது என்பதை மட்டும் சாட்சியாக வைக்கக் கூடாது. வலப்பக்க மரை ரெகுலேட்டர்கள் ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் ஆர்கானுக்கும் நம் சந்தையில் ஒரே அளவில் கிடைக்கின்றன. மாற்றி மாட்டினாலும் மாட்டிக்கொள்ளும்.

வால்வை மூடும் கேப்பின் நிறத்தைப் பற்றி ஒரு வரி: மதிக்கவே வேண்டாம். நிரப்பும் நிலையத்திலும் லாரியிலும் கேப்கள் கலந்துவிடும். சாம்பல் சிலிண்டரில் மெரூன் கேப் பார்க்காத பட்டறை சென்னையில் அரிது.

லேபிளும் பொறிப்பும்

நிறம் சாட்சி, லேபிள் அதைவிடப் பெரிய சாட்சி. வாயுவின் பெயரும், நிரப்பியவரின் பெயரும் முகவரியும் சிலிண்டரில் இருக்க வேண்டும் என்று வாயு சிலிண்டர் விதிகள் சொல்கின்றன. நிறமும் பெயரும் மோதினால் இரண்டையும் நம்பாமல், சிலிண்டரைப் பயன்படுத்தாமல் நிரப்பியவருக்கே திருப்பி அனுப்புவதுதான் முறை. இந்தப் படங்களில் மோதல் இல்லை. மூன்றாவது சிலிண்டரில் ஆர்கான் என்ற தாள் லேபிள் பாதி கிழிந்திருந்தது. மிஞ்சிய பாதியில் யு.என். 1006 என்ற எண்ணும் பச்சை டயமண்டும் தெரிந்தன. இந்த எண்கள் எந்த நாட்டு லேபிளிலும் மாறாது: அழுத்த நைட்ரஜன் 1066, அழுத்த ஆக்சிஜன் 1072, அசிட்டிலின் 1001. ஆர்கானும் நைட்ரஜனும் பச்சை டயமண்ட்தான், டயமண்டின் நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆக்சிஜனுக்குப் பச்சையோடு மஞ்சள் டயமண்டும் சேர்ந்திருக்கும்.

தோளில் பொறித்த எண்களில் நீர்க் கொள்ளளவு 46.7 லிட்டர், வேலை அழுத்தம் 150 என்று வாசிக்க முடிந்தது. 46.7ஐ 150ஆல் பெருக்கினால் சுமார் 7000 லிட்டர், அதாவது நம் ஊரில் சொல்லும் ஏழு கன மீட்டர் சிலிண்டர். பொறிப்பைப் படமெடுக்க ஃபிளாஷ் நேராகப் போட்டால் எழுத்து மறையும். டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்தாற்போல் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எண் எழுந்து நிற்கும். அடுத்த சோதனைத் தேதி வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே போட்டிருக்கும் உலோக வளையத்தில் இருக்கும். தேதி தாண்டியிருந்தால் சிலிண்டரை வாங்கவே கூடாது.

குழாய்கள்

இப்போது மஞ்சள் லைன்களுக்கு வரலாம். வெள்ளைப் பட்டை உண்மையான பட்டைதானா, அல்லது வெளிச்சம் பட்ட கிளாம்பா, டெஃப்லான் டேப் சுற்றலா? நெருங்கிய படத்தில் அது குழாயைச் சுற்றி ஒரே அகலத்தில், பெயின்ட் பளபளப்போடு இருந்தது. சுவரில் பிடிப்பு இல்லாத இடத்தில் இருந்தது. கதவுப் பக்கமும் உள்பக்கமும் வால்வுக்கு அருகே மறுபடி வந்தது. தரநிலை வால்வு, இணைப்பு, சுவர் கடக்கும் இடம் ஆகியவற்றின் அருகே பட்டை கேட்கிறது, அந்த இடங்களில் எல்லாம் வந்தால் அது வேண்டுமென்றே போட்டது.

கறுப்புப் பட்டைக்கு இன்னொரு சோதனை உண்டு. மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் மூன்று பொருள் வரலாம். குழாய்க்குக் குறுக்காக, வளையமாக இருந்தால் பட்டை. சாய்வுக் கோடுகளாகப் பொன்மஞ்சளும் கறுப்பும் மாறிமாறி வந்தால் அபாயக் குறி. அது வாயுவின் பெயரைச் சொல்லாது, எச்சரிக்கை மட்டும் செய்யும். மஞ்சள் அடியில் கறுப்பு எழுத்து என்றால் அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. ஏ13.1 முறையில் அது எரியும் பொருள், அல்லது ஆக்சிஜன் போல எரிவதைத் தூண்டும் பொருள். 11 புள்ளி தடிமனில் சாய்வுக் கோடும் வளையமும் ஒன்றுபோலத் தெரியும், முதல் படத்தை வைத்து இதைப் பிரிக்கவே முடியாது. நெருங்கிய படத்தில் வளையம் தெளிவாக, நேராக இருந்தது. எழுத்து எதுவும் இல்லை.

இந்தப் பட்டறை உள்நாட்டு முறையைத்தான் பின்பற்றியது என்பதற்கு வான்நீல காற்றுக் குழாய் சாட்சி. ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கொரிய, ஜப்பானிய தொழிற்சாலைகளில் அப்படியே இறக்குமதியான இயந்திரத் தொகுதிகள் இருக்கும், அவற்றோடு அந்த ஊர் நிறமும் வந்துவிடும். கொரியாவில் ஆக்சிஜன் சிலிண்டர் பச்சை, கார்பன் டை ஆக்சைடு நீலம், ஹைட்ரஜன் ஆரஞ்சு. ஜப்பானில் ஆக்சிஜன் கறுப்பு, கார்பன் டை ஆக்சைடு பச்சை. ஐரோப்பிய முறையில் தோள் கறுப்பு என்றால் நைட்ரஜன், தோள் அடர்பச்சை என்றால் ஆர்கான். அங்கே எடுத்த படத்தில் பச்சையைக் கண்டால், நிறத்தை விட்டுவிட்டு யு.என். எண்ணைத் தேடுவதே வேலை.

வளைகுழாய் காட்டியது

நான்காவது கோரிக்கையாகக் கேட்ட படம்தான் எதிர்பாராததைக் காட்டியது. கறுப்புப் பட்டை லைனின் ஹெடருக்கு, அதாவது சிலிண்டர்கள் வந்து சேரும் பொதுக் குழாய்க்கு, இரண்டு வளைகுழாய்கள் வந்தன. ஒன்று சாம்பல் சிலிண்டரிலிருந்து. இன்னொன்று மயில்நீல ஆர்கான் சிலிண்டரிலிருந்து. நைட்ரஜன் தீர்ந்த ஒரு நாளில் கையில் இருந்த ஆர்கானை யாரோ மாட்டியிருக்க வேண்டும். பட்டை நைட்ரஜன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது, உள்ளே போவது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

பிரேசிங் செய்யும் மெக்கானிக்குக் காரியம் கெடாது. ஆர்கானும் மந்தவாயு, செப்பைக் காக்கும். செலவுதான் அதிகம். ஆனால் பட்டை, குழாய்க்குப் பெயின்ட் அடித்த நாளின் நிலையைச் சொல்கிறது. இன்றைக்கு எந்த சிலிண்டர் திறந்திருக்கிறது என்பதை வளைகுழாயும் வால்வும்தான் சொல்லும்.

அழுத்தத்தையும் படத்தின் பட்டை சொல்லாது. காற்றுக் குழாயில் மட்டும் ஓரளவு குறிப்பு உண்டு: வான்நீலம் மட்டும் என்றால் 15 கிலோ வரை, சிவப்புப் பட்டை சேர்ந்தால் அதற்கு மேல். நைட்ரஜன் லைனின் கேஜ் 8 கிலோ காட்டியது. பிரேசிங் ஓட்டத்துக்கு அதைக் குறைத்து எடுத்தால் தாராளம். முழுக் கசிவுச் சோதனைக்கு அது போதாது. ஆர்-410ஏ வகை ஏசிக்கு 35 கிலோவுக்கும் மேல் அழுத்திப் பார்க்க வேண்டும், அதற்கு ரெகுலேட்டர் மாட்டிய தனி சிலிண்டரே வேண்டும். இந்த ஒரு தகவலால் மெக்கானிக் கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலே மாறியது.

படத்திலிருந்து தளத்துக்கு

படங்களை வைத்து எழுதிய குறிப்பு சுருக்கமானது. வெள்ளைப் பட்டை லைன் ஆக்சிஜன்: பட்டை, அதற்கு வரும் கறுப்பு சிலிண்டர், கேஜ் அளவு மூன்றும் ஒத்துப்போகின்றன, தொடக் கூடாது. கறுப்புப் பட்டை லைன் மந்தவாயு: நைட்ரஜனா ஆர்கானா என்று படத்தால் சொல்ல முடியாது, ஆக்சிஜன் இல்லை என்பதற்குச் சாட்சிகள் உண்டு, ஆனாலும் அளந்து பார்க்காமல் இணைக்கக் கூடாது.

தளத்தில் அளந்தது இப்படி. ஆர்கான் வளைகுழாயின் வால்வை மூடிவிட்டு, கறுப்புப் பட்டை லைனின் கடைசி வால்வில் மெல்லிய டியூப் மாட்டி, கதவைத் திறந்துவைத்து, வாயுவை மெதுவாகக் கையடக்க ஆக்சிஜன் மீட்டரின் முன் விட்டார்கள். சாதாரணக் காற்றில் மீட்டர் 20.9 காட்டியது. வாயு வந்ததும் எண் இறங்கி பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றது. ஆக்சிஜன் லைனாக இருந்திருந்தால் மீட்டர் தன் எல்லையைத் தாண்டி அலறியிருக்கும். ஆக்சிஜன் இல்லை என்பது இதோடு உறுதி. ஆனால் ஆர்கானுக்கும் இதே பூஜ்ஜியம்தான் வரும், இந்த மீட்டர் இரண்டையும் பிரிக்காது. அதற்கு, சாம்பல் சிலிண்டரின் வால்வை மட்டும் திறந்துவைத்து, லைனில் இருந்த பழைய வாயுவைச் சற்று நேரம் வெளியேற்றிவிட்டு, சாம்பல் சிலிண்டரின் கேஜ் முள் மட்டும் இறங்குகிறது, ஆர்கான் கேஜ் அசையவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு மெக்கானிக் கறுப்புப் பட்டை லைனில் ரெகுலேட்டர் மாட்டினார். ஆர்கான் வளைகுழாய் கழற்றப்பட்டு, அந்த ஹெடர் வாயில் பிளக் போடப்பட்டது. வெள்ளைப் பட்டை லைனின் கடைசி வால்வில், மூடிய நிலையில், பூட்டும் "ஆக்சிஜன்" என்று தமிழில் எழுதிய தகடும் மாட்டினார்கள்.